முப்பது நாளுக்கு ஒரு கடிதம்

"செர்டாங்" என்று சொன்னால் கோலாலம்பூர் நண்பர்கள் உடனே, "யூ.பி.எம். பக்கமா?" என்று கேட்பார்கள். இல்லை ஐயா, இது கெடா செர்டாங். அஞ்சல் குறியீடு 09800. ஆற்றைத் தாண்டினால் பேராக், கொஞ்சம் மேற்கே போனால் பினாங்கு. வானொலியில் வேலை செய்தாலும் மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க நான் வந்துவிடும் ஊர்.

போன ஆண்டு ஆகஸ்டில் அப்படி வந்திருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா ஒரு கடித உறையோடு வந்தார். அவர் கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு.

"தங்கச்சி, பள்ளியிலிருந்து சூராட் அமாரான் வந்திருக்கு. பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்திடுவாங்களா?"

பிள்ளைக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் வெளியேறி, காலையில் கண்ணும் முகமும் வீங்கும் சிறுநீரக நோய். ஜூலை 6-ஆம் தேதி மருத்துவமனையில் சேர்த்தார்கள். 17-ஆம் தேதி வீட்டுக்கு வந்தாள். ஸ்டீராய்டு மருந்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் மறுபடி பள்ளிக்குப் போக இருந்தாள்.

முதல்வருக்குக் கொடுக்க அக்கா ஒரு கடிதமும் தயார் செய்திருந்தார். கைப்பேசியில் தேடி எடுத்த மாதிரிக் கடிதம். "என் மகளின் வருகைப்பதிவுக் குறைவைக் கருணையோடு மன்னித்து, தேர்வு எழுத அனுமதிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்." படித்ததுமே இது எந்த நாட்டுக் கடிதம் என்று புரிந்தது. இந்தியாவில் சி.பி.எஸ்.இ. வாரியத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். நோயால் குறைந்தால், பள்ளி முதல்வர் மருத்துவச் சான்றோடு வாரியத்துக்கு எழுதி விலக்குக் கேட்பார். அந்த விதிக்கு எழுதப்பட்ட கடிதம் அது. நம் பிள்ளை படிவம் இரண்டு. அவளுக்கு வந்திருப்பது தேர்வுத் தடை இல்லை, ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

நம் பள்ளிகளில், காரணம் தெரிவிக்காமல் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கை வரும். அங்கே கேள்வி எத்தனை நாள் வரவில்லை என்பது மட்டுமல்ல. அந்த நாள்கள் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதுதான். நோய் என்று எழுதினால் ஒரு கதை, போந்தேங் என்று எழுதினால் வேறு கதை.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "எம்.சி. எல்லாம் கொடுத்தேனே!"

மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, நாள்காட்டியை எடுத்து உட்கார்ந்தோம். கெடாவில் பள்ளி ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளி, சனி விடுமுறை. எம்.சி. எல்லா நாள்களையும் சேர்த்துச் சொல்லும். பள்ளி, பள்ளி நாள்களை மட்டும் எண்ணும். அதனால் கணக்கைப் பள்ளி நாளில் போடவேண்டும்.

மருத்துவமனையில் இருந்தது ஜூலை 6 முதல் 17 வரை: பள்ளி நாள்கள் 10. சான்று இருக்கிறது. வீட்டில் ஓய்வுக்குக் கொடுத்த எம்.சி. ஜூலை 18 முதல் 31 வரை: இன்னொரு 10. அதற்கும் சான்று இருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் 3 முதல் 14 வரை? அதுவும் 10 பள்ளி நாள்கள். அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"ஆகஸ்ட் முதல் தேதி கிளினிக்குப் போனோமே. கூட்டத்துல விடாதீங்க, கிருமி தொத்திக்கும்னு டாக்டர் சொன்னாரு. அதான் வீட்டுல வச்சிக்கிட்டேன்."

சொன்னது உண்மையாக இருக்கும். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், பயந்ததில் தப்பில்லை. ஆனால் டாக்டர் வாயால் சொன்னது பள்ளிக்குத் தெரியாது. ஆகஸ்ட் 3, 4, 5 என்று மூன்று நாள் போனதும் எச்சரிக்கை கிளம்பிவிட்டது. மொத்தம் 30 நாள் விடுப்பில் சிக்கல் 10 நாளில்தான். அக்காவின் மாதிரிக் கடிதத்தில் அந்தப் பத்து நாளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"எம்.சி. தொலைஞ்சு போச்சுன்னு எழுதிடலாமா?"

வேண்டாம் என்றேன். மருத்துவமனையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு உண்மையான இருபது நாளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பழைய தேதி போட்டு எம்.சி. கேட்பதும் சரியில்லை, டாக்டரை இக்கட்டில் மாட்டிவிடும் வேலை அது. கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது: ஒரு மருத்துவக் கடிதம். நோயின் பெயர், எப்போதிலிருந்து சிகிச்சை, என்ன மருந்து, தொற்று விஷயத்தில் என்ன அறிவுரை கொடுத்தார்கள், எப்போதிலிருந்து பள்ளிக்குப் போகலாம், அடுத்த சந்திப்பு எப்போது. இது அன்றைய தேதியிலேயே இருக்கலாம். நடந்ததை மருத்துவர் உறுதிப்படுத்தினால் போதும். அடுத்த முறை கிளினிக்குப் போனபோது அக்கா அதைக் கேட்டு வாங்கினார்.

அதற்குள் நாங்கள் கடிதத்தை எழுதி முடித்தோம். தமிழ்ப்பள்ளியாக இருந்தால் தலைமையாசிரியருக்குத் தமிழிலேயே எழுதலாம். இடைநிலைப்பள்ளி என்பதால் மலாயில், சூராட் ரஸ்மி முறையில் எழுதினோம். தமிழில் அதன் உள்ளடக்கம் இதுதான்:

"என் மகள், படிவம் 2 மாணவி, ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 14 வரை 30 பள்ளி நாள்கள் வர இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இவற்றில் 20 நாள்களுக்கு மருத்துவச் சான்றுகள் இணைக்கப்பட்டுள்ளன.

ஆகஸ்ட் 3 முதல் 14 வரையிலான 10 நாள்களுக்கு எம்.சி. இல்லை. கூட்டத்தைத் தவிர்க்கும்படி மருத்துவர் கூறியதால் நான்தான் வீட்டில் வைத்திருந்தேன். அப்போதே பள்ளிக்குத் தெரிவிக்காதது என் தவறு. மருத்துவரின் கடிதத்தைப் பெற்றுச் சமர்ப்பிக்கிறேன். அதைப் பார்த்து, இந்த நாள்களையும் நோய் காரணமாகப் பதிவு செய்யும்படியும், எச்சரிக்கைக் கடிதத்தை மறுபரிசீலனை செய்யும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

"என் தவறு" என்ற இடத்தில் அக்கா தயங்கினார். அந்த வரிதான் கடிதத்தின் முதுகெலும்பு என்று சொன்னேன். முதல்வர் கையில் இருக்கும் பதிவேடும் பெற்றோர் சொல்லும் கணக்கும் நாளுக்கு நாள் ஒத்துப்போனால், அவருக்கும் முடிவெடுப்பது சுலபம். தன் மேலதிகாரிகள் கேட்டால் காட்ட அவருக்கும் ஒரு காகிதம் வேண்டும் அல்லவா?

அடுத்து, பெரும்பாலான பெற்றோர் விட்டுவிடும் பகுதி. பதிவு சரியானால் பிள்ளையின் பாடம் சரியாகிவிடாது. படிவம் ஒன்று முதல் மூன்று வரை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்யும் பி.பி.டி. மதிப்பீட்டில், ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரை தேர்ச்சி நிலை கொடுக்கிறார்கள். ஆறு வாரம் இல்லாத பிள்ளைக்கு எதை வைத்துக் கொடுப்பார்கள்? ஆண்டு இறுதியில் உவாசா தேர்வும் உண்டு. முதல்வர் மனம் இரங்கினாலும் பார்க்காத வேலைக்கு நிலை போட முடியாது. அதனால் கடிதத்தில் இன்னொரு பத்தி சேர்த்தோம்: விடுபட்ட மதிப்பீட்டு வேலைகளின் பட்டியலைப் பாட ஆசிரியர்களிடமிருந்து பெற்றுத் தர முடியுமா? அவற்றை முடிக்க ஒரு கால அளவு கிடைக்குமா?

புறப்பாட நடவடிக்கையையும் மறக்கவில்லை. வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்த எம்.சி. சாரணர் இயக்கத்தையோ கழகத்தையோ கவனிக்கும் ஆசிரியரிடம் தானாகப் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். அங்கும் வருகைக்கு மதிப்பெண் உண்டு. படிவம் நான்கு, ஐந்தில் இது இன்னும் முக்கியம். பிற்பாடு யூ.பி.யூ. வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்குத்தான். அதனால் சான்றுகளின் நகல் ஒன்று அந்த ஆசிரியருக்கும் போனது.

கடைசிப் பத்தி வரப்போகும் நாள்களுக்கு. இந்த நோய் திரும்பி வரக்கூடியது. கிளினிக் சந்திப்புகள் தொடரும். தேதிகளை முன்கூட்டியே தெரிவிப்பதாகவும், பிள்ளை வராத நாளில் காலையிலேயே வகுப்பு ஆசிரியருக்குச் செய்தி அனுப்புவதாகவும் எழுதினோம். நோயின் முழு வரலாற்றையும் எழுதவில்லை. அது மருத்துவர் கடிதத்தில் இருக்கும். அலுவலகத்தில் பத்து பேர் படிக்கத் தேவையில்லை.

இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, ஒன்றில் பள்ளி அலுவலகத்தின் சாப்பும் தேதியும் வாங்கி வரச் சொன்னேன். வாய்மொழியாகச் சொன்ன பேச்சால்தான் இவ்வளவும் வந்தது. மறுபடியும் வாய்மொழியை நம்பக் கூடாது.

முதல்வர் அக்காவை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். இருபது நாள் அன்றைக்கே திருத்தப்பட்டது. பத்து நாளுக்கு மருத்துவர் கடிதம் வரும்வரை காத்திருந்தார். வந்ததும் அதுவும் மாறியது. பாட ஆசிரியர்களில் நான்கு பேர் வேலைகளைக் கொடுத்தார்கள். இரண்டு பேரிடம் மறுபடி போய்க் கேட்க வேண்டியிருந்தது. கணிதத்தில் பிள்ளை இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறாள். அதை எந்தக் கடிதமும் சரிசெய்யாது. தினமும் மாலை ஒரு மணி நேரம் சித்தப்பா மகன் சொல்லிக்கொடுக்கிறான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாட்டின் சில பெரிய அரசு மருத்துவமனைகளில் 2011 முதல் "செகோலா டாலாம் ஹோஸ்பிடால்" என்று வார்டிலேயே பள்ளி நடக்கிறது. கல்வி அமைச்சின் ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். பிள்ளையை நீண்ட நாள் சேர்க்க நேர்ந்தால் இங்கே அது உண்டா என்று முதல் வாரத்திலேயே தாதியிடம் கேளுங்கள். அக்காவுக்கு அது தெரியாது. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

போன வாரம் அக்கா கூப்பிட்டார். பிள்ளையின் சந்திப்புகளை எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு மாற்றி வாங்கிவிட்டாராம். கிளினிக் பினாங்கில், அங்கே வெள்ளி வேலை நாள். நமக்குப் பள்ளி விடுமுறை.

"ஒரு நாளும் லீவு போடவேண்டியதில்ல தங்கச்சி" என்றார். எல்லையோரத்தில் குடியிருப்பதற்கும் ஒரு பலன் இருக்கத்தான் செய்கிறது.