உயரம் மறைந்த டின்



இடைநிலைப்பள்ளிக் கூடுதல் கணிதத்தில் அடிக்கடி தலைகாட்டும் வினா ஒன்றுண்டு. மூடிய டின் ஒன்றின் கொள்ளளவு 500 கன சென்டிமீட்டர்; அதன் மேற்பரப்பளவு A = 2πr² + 1000/r எனக் காட்டுக; பின்னர் மிகக் குறைந்த பரப்பளவைக் காண்க. மாணவர்கள் முதற்பகுதியை இரண்டே வரிகளில் முடித்துவிட்டு வகையிடலுக்குத் தாவுகின்றனர். அவ்விரண்டு வரிகளில்தான் கணக்கே இருக்கிறது என்பது என் கருத்து.

பக்கச்சுவரின் பரப்பு 2πrh. கொள்ளளவு πr²h = 500 என்பதால் h = 500/(πr²). இதனை முன்னதில் இட்டால் π நீங்கிவிடும், 1000/r எஞ்சும். இங்கே நிறுத்தி, "டின்னை அகலமாக்கினால் பக்கத்தகரம் கூடுமா, குறையுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சுற்றளவு பெருகுகிறதே என்று, கூடும் என்பார்கள் பலர். ஆரம் இருமடங்கானால் சுற்றளவும் இருமடங்காகிறது, உண்மைதான். ஆனால் கொள்ளளவு மாறாதிருக்க உயரம் கால்பங்காகச் சுருங்கவேண்டும். ஆகவே பக்கத்தகரம் பாதியாகிறது. ஆரம் பகுதியில் போய் அமர்ந்ததன் பொருள் இதுவே.

வகையிடும் முன் மூன்று ஆரங்களுக்காவது கணக்கிடச் சொல்லலாம். ஆரம் 2 செ.மீ. எனில் சுவர் 500, இரு மூடிகளும் சேர்ந்து ஏறத்தாழ 25. மொத்தம் 525 சதுர செ.மீ. ஆரம் 4 எனில் சுவர் 250, மூடிகள் 101, மொத்தம் 351. ஆரம் 8 எனில் சுவர் 125தான், மூடிகளோ 402. மொத்தம் மீண்டும் 527. ஒல்லி டின்னும் தட்டை டின்னும் ஏறக்குறைய ஒரே அளவு தகரத்தை விழுங்குகின்றன! இடையில் எங்கோ பள்ளம் இருக்கிறது என்பதை மாணவன் தானே கண்டுகொள்வான்.

சுவரும் மூடிகளும் சமமாகும் இடமே அப்பள்ளம் என எண்ணுவோர் உண்டு. அன்று. ஆரம் 1 விழுக்காடு கூடினால் மூடிகள் ஏறத்தாழ 2 விழுக்காடு வளரும். சுவர் 1 விழுக்காடே குறையும். இழப்பும் வரவும் ஈடாகச் சுவர் மூடிகளைப்போல் இருமடங்கு இருக்கவேண்டும். ஆரம் 4.30 செ.மீ. ஆகும்போது சுவர் 232.5, மூடிகள் 116.2, உயரம் விட்டத்திற்குச் சமம்.

இதை அறியாத மாணவன் 1000/r என்பதை வகையிடும்போது கழித்தல் குறியை விட்டுவிடுகிறான். 4πr + 1000/r² = 0 என்று எழுதினால் r = −4.30 வரும். "நீளம் எதிர்ம எண்ணாகாது" என்று குறியை அழித்துவிட, விடை சரியாகவே அமைந்துவிடுகிறது! விடையை மட்டும் பார்த்துத் திருத்துபவர் கண்ணுக்கு இப்பிழை தெரியாது. சுவர் 500, 250, 125 எனச் சரிந்ததைக் கண்ட மாணவனோ, அங்கே கழித்தல் குறி இல்லாவிட்டால் உடனே ஐயுறுவான்.