'தற்காலிக நஷ்டம்' - பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கிரிப்டோ நாணயங்களை வாங்கி வைப்பதோடு நில்லாமல், அவற்றை 'லிக்விடிட்டி பூல்' என்னும் பொதுக்கணக்கில் போட்டுக் கமிஷன் வாங்குவோர் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சியதையும், சீட்டு எடுத்த பணத்தையும் இதில் போட்டவர்களை நான் அறிவேன். "கமிஷன் வருகிறது, நாணயம் நம்முடையதாகவே இருக்கிறது. அப்புறம் என்ன சார்?" என்பது அவர்கள் வாதம். கமிஷன் வருவது உண்மைதான். நாணயம் அப்படியே இருக்கிறது என்பதுதான் சரியல்ல.

2020-ல் வந்த யூனிஸ்வாப் இரண்டாம் பதிப்பின் முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு பூலில் 10 ஈதர் நாணயமும், 20,000 டாலர் நாணயமும் இருக்கின்றன. ஈதர் விலை 2,000 டாலர். இதில் பத்தில் ஒரு பங்கு நம்முடையது. அதாவது 1 ஈதரும் 2,000 டாலரும் போட்டிருக்கிறோம். மொத்தம் 4,000.

பூலுக்கு முதலாளி கிடையாது. கம்ப்யூட்டர் விதிதான் உண்டு. ஈதர் எண்ணிக்கையை டாலர் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகை, இங்கே 2 லட்சம், வியாபாரத்தால் குறையக் கூடாது. வெளிச்சந்தையில் என்ன விலை என்று அதற்குத் தெரியாது.

வெளியே ஈதர் 8,000 டாலருக்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வியாபாரிகள் ஓடி வந்து வாங்குவார்கள். பூலில் 5 ஈதரும் 40,000 டாலரும் ஆகும் வரை வாங்குவார்கள். ஐந்தை நாற்பதாயிரத்தால் பெருக்கினால் அதே 2 லட்சம். விலையும் 8,000 ஆகிவிட்டது. 40,000 டாலர் பெறுமான ஈதரை அவர்கள் 20,000 கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி 20,000 யார் தலையில் விழுந்தது? பூலில் நாணயம் போட்டவர்கள் தலையில்தான்.

நம் பங்கு இப்போது அரை ஈதரும் 4,000 டாலரும். மதிப்பு 8,000. திரையில் பணம் இரட்டித்ததாகக் காட்டும். மனிதன் மகிழ்ந்து போவான். ஆனால் எதிலும் போடாமல் சும்மா வைத்திருந்தால் 1 ஈதர் 8,000, டாலர் 2,000, ஆக 10,000 கையில் இருந்திருக்கும். குறைந்துபோன அந்த 2,000 டாலருக்குத்தான் 'இம்பர்மனென்ட் லாஸ்', அதாவது தற்காலிக நஷ்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விலை இறங்கினாலும் இதே கதைதான். ஈதர் 500 டாலருக்கு விழுந்தால், நம் பங்கு 2 ஈதரும் 1,000 டாலரும் ஆகும். மதிப்பு 2,000, சும்மா வைத்திருந்தால் 2,500. ஏறுகிற நாணயத்தை விற்பதும், இறங்குகிற நாணயத்தை வாங்குவதுமே பூலின் தொழில்.

கமிஷன் ஈடு செய்யாதா? மேலே சொன்ன 20,000 டாலர் வியாபாரத்துக்கு 0.3 சதவீதம் கணக்கிட்டால் கமிஷன் 60 டாலர். நம் பங்கு 6 டாலர்! நாம் இழந்த 2,000 வர வேண்டுமானால், இந்தச் சிறிய பூலில் சுமார் 67 லட்சம் டாலருக்கு வியாபாரம் நடக்க வேண்டும். விலை அதிகம் நகராமல், வாங்குவதும் விற்பதும் ஓயாமல் நடக்கும் பூலில்தான் கமிஷன் ஜெயிக்கும். விலை இரண்டு மடங்கு மட்டும் ஏறினால் இழப்பு 5.7 சதவீதம்தான், அதை ஓராண்டுக் கமிஷன் ஈடு செய்யக்கூடும். நான்கு மடங்கு என்றால் 20 சதவீதம்.

விலை மறுபடியும் 2,000-க்கு வந்தால் பூலும் பழைய 10 ஈதருக்கே திரும்பும், நஷ்டம் மறையும். பெயர்க் காரணம் அவ்வளவே. விலை திரும்பாவிட்டாலோ, வீட்டில் கல்யாணச் செலவு என்று நடுவில் எடுத்துவிட்டாலோ அது நிரந்தரம். 'விலை விலகல் நஷ்டம்' என்பதே நேர்மையான பெயர் என்பது என் கருத்து.

இரண்டுமே டாலர் நாணயமானால் விலை விலகாது என்பார்கள். 2022 மே மாதம் யு.எஸ்.டி. என்ற டாலர் நாணயம் சரிந்தபோது, எல்லோரும் அதைப் பூலில் கொட்டிவிட்டு நல்ல நாணயத்தை அள்ளிச் சென்றார்கள். பூலில் தங்கியவர்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் யு.எஸ்.டி.தான். அது பழைய விலைக்குத் திரும்பவே இல்லை.

ஆகவே பூலில் போடுகிறவர், போட்ட அன்றே எந்த நாணயம் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மாதம் ஒரு முறை அந்த எண்ணிக்கையை அன்றைய விலையால் பெருக்கி, கமிஷனும் சேர்ந்த பூல் பங்கின் மதிப்போடு ஒப்பிட்டால் போதும். திரை காட்டும் லாபத்தை வைத்து எதுவும் தெரியாது. இன்னொன்று: நம் நாட்டில் 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் அனுமதி இல்லை.