மீதி 11 ரூபாயா, 12 ரூபாயா?

பள்ளிக் கணக்குத் தாளில் இப்படி ஒரு கேள்வி வரும். பில் 88.50 ரூபாய். 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? முழு ரூபாய்க்குத் திருத்தி எழுதுக.

போட்டுப் பாருங்கள், இரண்டு விடை வரும். மீதியைக் கண்டுபிடித்து அதை முழுதாக்கினால், 11.50 என்பது 12 ஆகிறது. பில்லை முதலில் முழுதாக்கினால் 89, மீதி 11. சரியாக 50 பைசா வந்தால் மேலே ஏற்றுவது வழக்கம். பில்லை ஏற்றினால் அந்த அரை ரூபாய் கடைக்காரருக்கு, மீதியை ஏற்றினால் வாங்கியவருக்கு. பில் 88.40 என்றால் இந்தச் சிக்கலே இல்லை. எப்படிப் போட்டாலும் 12தான்.

நிஜத்தில் என்ன நடக்கிறது? 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 பைசா சட்டப்படி செல்லும், ஆனால் யாரும் தருவதில்லை. மஞ்சக்குப்பத்தில் மளிகை பில்லின் அடியைப் பாருங்கள், 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு வரி இருக்கும். அதாவது கடையில் திருத்துவது பில்லைத்தான், மீதியை அல்ல.

எனவே கேள்வியிலேயே "பில் தொகையை முழுதாக்கி, பிறகு மீதி காண்க" என்று எழுத வேண்டும். அப்படி எழுதாமல், 12 என்று போட்ட பிள்ளைக்கு மார்க் குறைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?