"அலர்ட் அனுப்பிவிட்டோம் சார்" என்றால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் நண்பரும் என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்தான். போன மாதம் ஒரு நாள் இரவு 11.40க்கு அவருடைய வங்கிக் கணக்கில் யாரோ வேறொரு கருவியிலிருந்து நுழைந்திருக்கிறான். காலை 6.10க்கு 24,500 ரூபாய் போய்விட்டது. பணம் போன எஸ்.எம்.எஸ். உடனே வந்தது. ஆனால் 'புதிய கருவியில் லாகின்' என்ற அறிவிப்பு வங்கியின் ஆப்பில்தான் வர வேண்டும், அது வரவில்லை. பதறிப்போய் ஆப்பைத் திறந்த பிறகுதான், இரவு 11.40 என்ற நேரத்தோடு வந்து விழுந்தது. இடையில் ஆறரை மணி நேரம். இவரோ தூக்கம் வராமல் 12 மணி வரை அந்த போனில்தான் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

கிளையில் கிடைத்த பதில்: "அலர்ட் போயிருக்கு சார், நீங்கதான் கவனிக்கல." சென்னையிலிருந்து மகனும் அதையேதான் சொன்னான். மனிதர் கூனிக் குறுகிப் போனார்.

நான் சிதம்பரத்திலிருந்து போய் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். Settings > Apps என்று போய் அந்த ஆப்பின் Battery பகுதியைத் திறந்தால், Restricted என்று இருந்தது. யார் செய்தது? 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயல், அதன் பின் தென்பெண்ணை வெள்ளம், கரண்ட் இல்லாத அந்த நாட்களில் சார்ஜ் நிற்கட்டும் என்று உறவுக்காரப் பையன் ஒருவன் வரிசையாக எல்லா ஆப்பையும் அப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறான். நல்ல எண்ணம்தான். கரண்ட் வந்தது, வெள்ளம் வடிந்தது, அந்த அமைப்பு மட்டும் அப்படியே இருந்துவிட்டது. பேட்டரி சேவர் பல போன்களில் சார்ஜ் ஏறியதும் தானே அணையும். ஆப்புக்கு ஆப்பு போட்ட இந்தப் பூட்டு அப்படித் திறக்காது.

என் கோபம் பையன் மேல் இல்லை. ஆண்ட்ராய்டு போன், நாம் அடிக்கடி திறக்கும் ஆப்புக்குச் சலுகை தருகிறது, எப்போதோ திறப்பதை ஆழ்ந்து தூங்க வைக்கிறது. சில மாதம் தொடாமலே இருந்தால், கொடுத்த அனுமதிகளையும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பென்ஷன்காரன் வங்கி ஆப்பை மாதம் ஒரு முறை திறந்தால் அதிகம். தீயணைப்பு வண்டியை யாரும் தினம் கூப்பிடுவதில்லை என்பதற்காக அதன் மணியைக் கழற்றி வைப்பார்களா?

ஆகவே போன் சத்தம் போடாததை, ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிகுறிகளைப் பாருங்கள். ஆப்பைத் திறந்ததும் பழைய அறிவிப்புகள் மொத்தமாகக் கொட்டினால், பேட்டரி கட்டுப்பாடு என்று சந்தேகப்படுங்கள். Battery பகுதியில் Unrestricted வையுங்கள். திறந்தாலும் ஒன்றும் வரவில்லையென்றால் Notifications அனுமதியே இல்லாமல் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாக நிறுவும் ஆப் இதற்கு அனுமதி கேட்கும். அவசரத்தில் Don't allow தட்டியிருப்போம். வந்தும் சத்தமில்லாமல் கிடந்தால், அந்த வகை அறிவிப்பு Silent ஆகியிருக்கும். Pause app activity if unused என்பதையும் வங்கி ஆப்புக்கு அணைத்துவிடுங்கள்.

சரிபார்க்கும்போது எல்லோரும் ஒரு தப்பு செய்கிறார்கள். போனைச் சார்ஜரில் போட்டு, திரையை எரியவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்த நிலையில் போன் விழித்திருக்கும், எல்லாம் வரத்தான் செய்யும். சார்ஜரைக் கழற்றி, திரையை அணைத்து, ஒரு மணி நேரம் மேசையில் ஆடாமல் வைத்துவிட்டு, இதுவரை உங்கள் கணக்கைத் திறக்காத வீட்டார் போனிலிருந்து ஜிமெயிலில் நுழைந்து பாருங்கள். உங்கள் போன் கத்துகிறதா? பார்த்த பிறகு அந்த போனிலிருந்து மறக்காமல் வெளியேறிவிடுங்கள். ஜிமெயில் கத்தினால் வங்கி ஆப்பும் கத்தும் என்று அர்த்தமில்லை, அதன் அமைப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இனி வங்கிக்காரர்களுக்கு. பள்ளியில் சுற்றறிக்கை விட்டால், நோட்டில் ஒவ்வொரு ஆசிரியரின் கையெழுத்தும் வாங்குவோம். "அனுப்பிவிட்டேன்" என்று எந்தத் தலைமையாசிரியரும் தப்பிக்க முடியாது. உங்கள் சர்வர் அனுப்பியது என்பது, என் நண்பரின் போன் காட்டியதற்குச் சாட்சி இல்லை. லாகின் அறிவிப்பை எஸ்.எம்.எஸ்.ஸிலும் அனுப்ப என்ன தடை? ஒரு சில காசுக் கணக்கா?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விட்ட சுற்றறிக்கையைக் கிளையில் யாராவது படித்தீர்களா? தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, நடுவில் எவனோ புகுந்தான் என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே கிடையாது. தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. ஓ.டி.பி.யை வாய்விட்டுச் சொன்னால் அது கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். போன் காட்டாத அறிவிப்பைப் பார்க்காதது எப்படிக் கவனக்குறைவாகும்?

நண்பர் அன்று காலையே 1930க்கு அழைத்துவிட்டார். அன்றைக்கே கிளையிலும் எழுதிக் கொடுத்தார். நான் சொன்னபடி அந்த எஸ்.எம்.எஸ்., Restricted என்று காட்டிய திரை, 11.40 அறிவிப்பு தாமதமாக வந்து விழுந்த திரை, மூன்றையும் படமெடுத்து இணைத்தோம். பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகவாவது வரவு வைக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. எட்டாவது நாள் வரவு வந்தது. அந்த வரவு அறிவிப்பு மட்டும் உடனே, நல்ல சத்தத்தோடு வந்ததாம்.