நிலுவை வழக்கைப் பற்றி எழுதலாம், தீர்ப்பைத்தான் எழுதக்கூடாது

நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்பது பரவலான தவறான எண்ணம். 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாகவும் பிழையின்றியும் எழுதுவதை அவமதிப்பாகக் கருதுவதில்லை. விசாரணையின் போக்கைக் கெடுக்கும் எழுத்தே சிக்கல்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் அடகு நகை காணாமற்போய், செயலாளர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "செயலாளர் நகையைச் சுருட்டினார்" என்பது நீதிபதிக்கு முன்பே தீர்ப்பு எழுதுவதாகும். "நகையைக் கையாடல் செய்ததாகக் குற்றப்பத்திரிகை கூறுகிறது; செயலாளர் இதை மறுத்துள்ளார்" என்பதில் யார் சொன்னது என்பதும் மறுதரப்பும் இருக்கின்றன. ஆனால் 'கூறப்படுகிறது' என்று முடித்துவிட்டு, 'நகைத் திருடர் சிக்கினார்' எனத் தலைப்பிட்டால் பயனில்லை. நம் பத்திரிகைகள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். போலீசாரிடம் அவர் ஒப்புக்கொண்டதாக எழுதுவது இன்னும் ஆபத்து. அந்த வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றமே ஏற்காது.

சங்கங்களில் நகைச் சரிபார்ப்பு முறையாக நடக்கிறதா என்று பொதுவாகக் கேட்கலாம். தீர்ப்பின் மீதான நியாயமான விமர்சனத்துக்கு, வழக்கு இறுதியாக முடியும்வரை பொறுக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் வழக்கு நிலுவையில்தான் உள்ளது.