முப்பது ரூட் மூணு: மூணு பேர், மூணு தப்பு

போன மாசம் மூணு பசங்க மேல அநியாயமா காப்பி அடிச்சதா பழி போட்டுட்டேன். அதுக்குப் பரிகாரமா இந்தப் பதிவுன்னு வச்சுக்கங்களேன்.

எங்க தெருப் பத்தாம் கிளாஸ் பசங்க அஞ்சாறு பேர் சாயங்காலம் கணக்கு போட வீட்டுக்கு வருவாங்க. டியூஷன்னு சொல்ற அளவுக்குப் பெருசா ஒண்ணும் இல்லை. காசும் வாங்கறதில்லை. அன்னைக்கு முக்கோணவியல்ல உயரங்களும் தூரங்களும் பாடத்துல ஒரு சின்ன டெஸ்ட் வச்சேன். கேள்வி அரதப் பழசு: கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தூரத்தில் தரையில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து, கோபுர உச்சியின் ஏற்றக் கோணம் 30° எனில், கோபுரத்தின் உயரம் என்ன?

சரியான வழி ரெண்டே வரிதான்.

tan 30° = h/30
h = 30/√3 = 10√3

அதாவது சுமாரா 17.3 மீட்டர். மூணு பேர் பேப்பர்ல விடை 30√3. அதாவது கிட்டத்தட்ட 52 மீட்டர். ஒருத்தரும் படம் போடலை. மூணு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அப்புறம் எனக்கு என்ன தோணும்? "யாரு யாரைப் பார்த்து எழுதினது?"ன்னு சத்தம் போட்டேன். அதுல ஜன்னலோரமா உக்கார்ற பொண்ணு அழுதுடுச்சு. "நான் யாரையும் பாக்கலை சார்"னு திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. நானும் நம்பலை.

ராத்திரி சாப்பிட்டுட்டு பேப்பரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியை விட்டுட்டு முதல் வரியைப் படிச்சேன். மூணாவது பையன் இப்படி ஆரம்பிச்சிருக்கான்:

tan 30° = h/30
√3 = h/30

அடப்பாவி! இவன் போட்ட சமன்பாடு சரி. அட்டவணையில முப்பதுக்கும் அறுபதுக்கும் மாத்திப் படிச்சிருக்கான், அவ்வளவுதான். கோணத்துல இவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை. மத்த ரெண்டு பேரும் எழுதினது வேற:

tan 30° = 30/h
1/√3 = 30/h

இந்த ரெண்டு பேப்பரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. அப்ப இவங்களாவது காப்பிதானே? மறுநாள் ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு, ஒரு பேச்சும் பேசாம, "இந்தக் கணக்குக்குப் படம் போடு"ன்னு ஆளுக்கு ஒரு துண்டுப் பேப்பர் கொடுத்தேன்.

பையன் படம் அச்சு அசலா சரி. தரையில இருக்கற புள்ளியில 30°, கோபுரத்தின் அடியில செங்கோணம். "சரி, டேன்னா என்னடா?"ன்னேன். "அடுத்துள்ள பக்கம் பை எதிர்ப்பக்கம் சார்"னான். தலைகீழா மனப்பாடம். கோணம் எங்க இருக்குன்னு அவனுக்கு நல்லாத் தெரியும், விகிதத்தோட பேர்தான் தப்பு.

அந்தப் பொண்ணு போட்ட படத்துல 30° கோபுரத்தின் உச்சியில உக்காந்திருந்தது. டேன் என்னன்னு கேட்டா சரியாச் சொல்லுது. உச்சியில கோணத்தை வச்சா எதிர்ப்பக்கம் தரை, அதாவது 30. அடுத்துள்ள பக்கம் கோபுரம், அதாவது h. அது போட்ட படத்துக்கு அது எழுதின சமன்பாடு நூத்துக்கு நூறு சரி!

ஏம்மா மேல போய் வச்சேன்னு கேட்டேன். "கேள்வியில 'உச்சியின் ஏற்றக் கோணம்'னுதானே சார் இருக்கு? உச்சியில இருக்கற கோணம்னு நினைச்சேன்."

யோசிச்சுப் பாருங்க. 'வீட்டின் கதவு'ன்னா கதவு வீட்டுல இருக்கு. 'உச்சியின் கோணம்'னா கோணம் உச்சியில இருக்கணும்தானே? தமிழ் தெரிஞ்ச எவனும் அப்படித்தான் படிப்பான். உண்மையில அந்தச் சொற்றொடருக்கு அர்த்தம், உச்சியைப் பார்க்கும்போது பார்க்கறவன் கண்ணுல, கிடைமட்டக் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவுல உண்டாகிற கோணம்னு. கோணம் உச்சிக்குச் சொந்தமில்லை, கண்ணுக்குச் சொந்தம். நான் இத்தனை வருஷமா இந்தப் பாடம் சொல்லித் தர்றேன், இந்த 'இன்' உருபு இப்படி ஆளைக் கவுக்கும்னு ஒரு தடவைகூடத் தோணினதில்லை.

ஆக ஒரே 30√3-க்குள்ள மூணு வேற வேற வியாதி. வைத்தியமும் வேற வேற. அட்டவணைக்காரனுக்கு ஒரு சமபக்க முக்கோணத்தைப் பாதியா வெட்டிக் காட்டினாப் போதும், 30°-யோட டேன் எப்பவும் ஒண்ணுக்குக் கீழதான்னு பிடிச்சுக்குவான். தலைகீழ்க்காரனுக்குப் பேரைத் திருத்தணும். அந்தப் பொண்ணுக்கு "ஆள் எங்க நிக்கறான், கண்ணு எங்க இருக்கு"ன்னு கேக்கணும். மூணு பேருக்கும் சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி போட்டுட்டு 'ஃபார்முலாவைப் படி'ன்னு எழுதினா யாருக்கு என்ன உபயோகம்?

விடை தப்புன்னு கண்டுபிடிக்கறது சுலபம். 45°-ல உயரமும் தூரமும் சமம். 30° அதுக்குக் கீழ, அதனால உயரம் 30 மீட்டருக்குள்ளதான் இருக்க முடியும். 52 வரவே வராது. இன்னொண்ணு, மாணவன் விடையைச் சரியான விடையால வகுத்துப் பாருங்க. 30°, 60° கணக்குல சரியா மூணு மடங்கோ மூணுல ஒரு பங்கோ வந்தா, கோணம் இடம் மாறியிருக்கு, இல்லைன்னா டேன் கவுந்திருக்கு, இல்லைன்னா அட்டவணை மாறியிருக்கு. ஆனா இதுல எதுன்னு இந்தச் சோதனை சொல்லாது. முதல் வரியைப் பார்த்தா மூணாவதைப் பிரிச்சிடலாம். முதல் ரெண்டையும் பிரிக்கப் படத்தைத் தவிர வேற நாதி இல்லை.

இதுல என் தப்பு ஒண்ணும் இருக்கு. அதுக்கு முந்தின வாரம் பூரா, ரூட் இல்லாம சுலபமா இருக்கட்டும்னு, 45° கணக்கா கொடுத்துத் தள்ளினேன். எல்லாரும் எல்லாம் சரி. எப்படித் தப்பு வரும்? கோணத்தை அடியில வச்சாலும் 45, உச்சியில வச்சாலும் 45. டேனைக் கவுத்தாலும் ஒண்ணு, நிமித்தினாலும் ஒண்ணு. பாடம் புரிஞ்சுதான்னு சோதிக்க 45° மாதிரி உதவாத கோணம் வேற கிடையாது. புரிஞ்சுடுச்சுன்னு நான்தான் ஏமாந்தேன்.

சரி, விடை தப்பா வந்தா இத்தனை விசாரிக்கறோம். விடை சரியா வந்தா? இந்தக் கதைக்கு அப்புறம் பழைய பேப்பர் எல்லாத்தையும் கிளறினேன். ஒரு பையனுக்கு முழு மார்க் போட்டிருந்த கணக்கு ஒண்ணு கண்ணுல பட்டுது. கேள்வி: கோபுர உச்சியை 30°-ல பார்க்கும் ஒருவர் கோபுரத்தை நோக்கி 40 மீட்டர் நடந்ததும் கோணம் 60° ஆகிறது, உயரம் என்ன? விடை 20√3, சுமாரா 34.6 மீட்டர். பையன் பேப்பர்லயும் 20√3. படம் இல்லை. கிட்டப் போய் நின்ன இடத்துக்கும் கோபுரத்துக்கும் உள்ள தூரத்தை x-னு வச்சு அவன் எழுதினது இது:

tan 30° = h/x
tan 60° = h/(x+40)

கவனிச்சீங்களா? கிட்ட இருக்கற இடத்துக்கு 30°, எட்ட இருக்கற இடத்துக்கு 60°. கோணம் ரெண்டும் இடம் மாறியிருக்கு. முதல் வரியிலிருந்து x = h√3. அதை ரெண்டாவதுல போட்டா:

h = √3(h√3 + 40) = 3h + 40√3
−2h = 40√3
h = −20√3

அதுக்குக் கீழ பையன் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'உயரம் மைனஸில் வராது, எனவே 20√3 மீட்டர்.' நானும் கடைசி வரியைப் பார்த்துட்டு டிக் போட்டிருக்கேன், பெரிய வாத்தியார்!

இது குருட்டாம்போக்குல வந்தது இல்லை. சரியான கணக்குல ஆள் முதல்ல நின்னது 60 மீட்டர்ல, அப்புறம் 20 மீட்டர்ல. கோணத்தை மாத்திப் போட்டா, 20 மீட்டர்ல ஆரம்பிச்சு 60 மீட்டருக்குப் பின்னாடி போற ஆளோட கணக்கா ஆயிடுது. கோபுரம் அதே கோபுரம்தானே, அதனால உயரம் மாறலை. "ஆள் கோபுரத்தை நோக்கி வரலைப்பா, விலகிப் போறான்"னு சொல்லத்தான் அந்த மைனஸ் வந்தது. அதைப் பையன் துடைச்சுப் போட்டுட்டான். உயரத்துக்குப் பதிலா தூரத்தைக் கேட்டிருந்தா குட்டு வெளிப்பட்டிருக்கும். 20 வரவேண்டிய இடத்துல மைனஸ் 60 வந்து நின்னிருக்கும். படம் போட்டிருந்தா அதுவரைக்கும்கூடப் போக வேண்டாம். எட்டத்துல செங்குத்தான கோடும் கிட்டத்துல சாய்வான கோடும் வரைய முயற்சி பண்ணா, ரெண்டும் ஒரே உச்சியில சேராது. அங்கயே பையன் நின்னு யோசிச்சிருப்பான்.

இதனாலதான் சொல்றேன், 'படத்துக்கு ஒரு மார்க், நேரம் இருந்தா கடைசியில போட்டுக்கோ'ன்னு பசங்களுக்குச் சொல்லித் தர்றது பெரிய தப்பு. கடைசியில போட்ட படம் பார்த்தாலே தெரியும். ஸ்கேல் வச்சு அழகா இருக்கும், ஆனா சமன்பாட்டுல இருக்கற x படத்துல இருக்காது. கோணத்தோட எண் ஓரத்துல எங்கயோ மிதக்கும், எந்த முனைக்குன்னு வளைவு இருக்காது. எனக்கு அழகு வேண்டாம். தீக்குச்சி மாதிரி ஒரு கோபுரம், தரை, கண்ணு இருக்கற இடம், அதுல வளைவு போட்டுக் கோணம். இதை முதல்ல கிறுக்கிட்டு அப்புறம் சமன்பாடு எழுதட்டும்.

மார்க் விஷயத்துல என் கட்சி இது. அந்தப் பொண்ணு மாதிரி படத்துல கோணம் தப்பா இருந்து, அந்தப் படத்துக்குக் கணக்கு சரியா இருந்தா, கணக்குக்கு உண்டான மார்க்கைக் கொடுத்துட்டு கோணத்துக்கு மட்டும் குறைக்கணும். படமே இல்லாம விடை மட்டும் சரியா இருந்தா முழு மார்க் கொடுக்கக் கூடாது. இது கொடுமைன்னு சிலர் சண்டைக்கு வருவீங்க, மனசுலயே படம் போடற கெட்டிக்காரப் பசங்க இருக்காங்களேன்னு. இருக்காங்க. என்கிட்ட வர்ற பையன்னா கூப்பிட்டு வரையச் சொல்லிப் பார்த்துட்டு முழுசாக் கொடுத்துடுவேன். பொதுத் தேர்வுல திருத்தறவர் யாரைக் கூப்பிடுவார்? அவர்கிட்ட இருக்கறது அந்தப் பேப்பர் மட்டும்தான்.

படம் எல்லாத்தையும் காப்பாத்திடும்னும் சொல்லலை. அட்டவணையை மாத்திப் படிச்சவனுக்கு எவ்வளவு நல்ல படம் போட்டாலும் 52-தான் வந்திருக்கும்.

அந்த மூணு பேர்கிட்டயும் மத்த பசங்க முன்னாடியே மன்னிப்புக் கேட்டேன். பசங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலை. அடுத்த டெஸ்ட்ல தபால்தலை சைஸுக்கு ஒரு படம், தரையில ஒரு குட்டி மனுஷன், அவனுக்குக் கண்ணு மட்டும் ரொம்பப் பெருசு, அதுல 60°. கணக்கு சரி.