10 விநாடி வீடியோவில் அப்பாவின் முகம்: ஓவியருக்கு எந்தப் படத்தைக் கொடுப்பது?

இறந்துபோன அப்பாவை வரையச் சொல்லி ஓவியரிடம் போனால், "நல்ல போட்டோ இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார். பல வீடுகளில் ஆதார் அட்டைப் படம்தான் இருக்கும். மிச்சம், யாரோ கல்யாணத்தில் எடுத்த 10 விநாடி வீடியோ. அதை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்துவிட்டு, "அப்பா ஜாடையே வரலை" என்று பிறகு வருத்தப்படுவார்கள். தவறு பெரும்பாலும் ஓவியரிடம் இல்லை, கொடுத்த படத்தில்தான்.

முதலில், எடுத்தவரிடமே அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தது சுருக்கப்பட்டது. அதில் கன்னச் சுருக்கமும் புருவமும் மெழுகிப் போயிருக்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் அப்படியே வரும்.

10 விநாடியில், விநாடிக்கு 30 வீதம் 300 படங்கள் இருக்கும். மண்டப வெளிச்சம் குறைவு என்பதால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியை வாங்கும். அதற்குள் தலை திரும்பினால் முகம் இழுபடும். ஆனால் தலையாட்டி முடிக்கும்போதும், திரும்பிப் பார்த்து நிற்கும்போதும் முகம் ஒரு கணம் அசையாமல் இருக்கும். தேட வேண்டியது அந்தக் கணத்தைத்தான்.

விண்டோஸ் கணினியில் விஎல்சி இருந்தால், வீடியோவை நிறுத்தி `E` விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு படமாக நகரும். `Shift+S` அழுத்தினால் அந்தப் படம் வீடியோவின் முழு அளவிலேயே சேமிக்கப்படும்.

300 படத்தையும் கண்ணால் பார்ப்பது சிரமம் என்றால் எஃப்எஃப்எம்பெக் உதவும்:

```
ffmpeg -i appa.mp4 -vf "crop=400:400:760:200" -q:v 2 f_%04d.jpg
```

முகம் இருக்கும் 400க்கு 400 சதுரத்தை மட்டும் இது வெட்டித் தரும். கடைசி இரண்டு எண்கள் சதுரத்தின் மேல் இடது மூலை. உங்கள் வீடியோவுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். பிறகு படங்களைக் கோப்பு அளவுப்படி அடுக்குங்கள். தெளிவான படத்தில் நுணுக்கம் அதிகம், அதனால் கோப்பும் பெரிதாக இருக்கும். முகத்தை வெட்டாமல் செய்தால், பின்னால் இருக்கும் பூ அலங்காரம் கணக்கைக் கெடுத்துவிடும். இருட்டு வீடியோவில் புள்ளி இரைச்சலும் கோப்பைப் பெரிதாக்கும். அதனால் முதல் 20 படங்களைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யணும்.

அதிலும் கூர்மையானதே சரியானது என்று இல்லை. பாதி மூடிய கண், பேச்சின் நடுவே கோணிய வாய் எல்லாம் கூர்மையாகவே பதிவாகும். முகத்துக்கு மிக அருகில் பிடித்த செல்ஃபியில் மூக்கு பெருத்துத் தெரியும். எனவே சற்றுத் தள்ளி நின்று எடுத்த காட்சியிலிருந்து, நேர்முகம் ஒன்று, சற்றுத் திரும்பியது ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று கொடுப்பது நல்லது.

ஃபில்டர் போட்டுக் கொடுக்கவே கூடாது. அது மச்சத்தையும் தழும்பையும் துடைத்துவிடும். அப்பாவை அப்பாவாகக் காட்டுவது அவைதானே?